விட்டுப்போன கார்ட்டுக்கு நினைவூட்டல்: டைமரா, கிரானா?

கார்ட்டில் பொருளைப் போட்டுவிட்டு வாங்காமல் போனவருக்கு ஒரு மணி நேரம் கழித்து நினைவூட்ட இரண்டு வழிகள் உண்டு. கார்ட் மாறும்போதெல்லாம் "60 நிமிடம் கழித்து அனுப்பு" என்று கியூவில் ஒரு டைமர் போடலாம். அல்லது 10 நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் ஓட்டி, ஒரு மணி நேரமாக அசையாமல் கிடக்கும், இன்னும் நினைவூட்டாத கார்ட்டுகளைத் தேடி எடுக்கலாம்.

எங்கள் கடையில் முதலில் வைத்தது டைமர்தான். ஒரு அம்மா 5.00, 5.05, 5.20 மணிக்கு மூன்று சுங்குடிச் சேலைகளைச் சேர்த்தார், 5.40க்குப் பணமும் கட்டிவிட்டார். ஆறு மணியிலிருந்து வரிசையாக மூன்று மெசேஜ் போயிருக்கிறது. பதறிப்போய் போன் செய்து, "காசு வந்து சேரலையாங்க?" என்று கேட்டார். மூன்று டைமரில் ஒன்றுகூட ஆர்டர் ஆகிவிட்டதா என்று பார்க்கவில்லை.

டைமரில் கார்ட் எண்ணை மட்டும் வைத்து, விழித்ததும் ஆர்டரையும் சம்மதத்தையும் மறுபடி பார்க்கச் சொன்னால் இது தீரும். ஆனால் கியூவுக்கும் வரம்பு உண்டு. அமேசானின் SQS-இல் 15 நிமிடத்துக்கு மேல் தாமதம் வைக்க முடியாது, அதன் சாதாரண கியூ ஒரே வேலையைச் சில நேரம் இரண்டு முறை கொடுத்துவிடும்.

கிரானில் நிமிடக் கணக்குத் துல்லியம் போய்விடும். 60 நிமிடம் 70 ஆகலாம், சேலை வாங்குபவருக்கு அதனால் என்ன? ஒவ்வொரு ஓட்டமும் அந்த நேரத்து நிலவரத்தைப் படிப்பதால், 5.50க்கு "வேண்டாம்" என்றவருக்கு 6 மணிக்கு மெசேஜ் போகாது. விளம்பர எஸ்எம்எஸ் காலை 10 முதல் இரவு 9 வரைதான் என்பதால், கிரானை அந்த நேரத்தில் மட்டும் ஓட்டினால் சரி, இரவு விட்டுப்போன கார்ட் காலைவரை காத்திருக்கும்.

முந்தைய ஓட்டம் முடியும் முன் அடுத்தது தொடங்கினால் கிரானிலும் இரட்டை மெசேஜ் வரும். அதனால் அனுப்பும் முன்பே பதிவு போடுங்கள்:

```sql
-- UNIQUE (customer_id, sent_on)
INSERT INTO reminders (customer_id, sent_on)
VALUES (42, CURRENT_DATE)
ON CONFLICT DO NOTHING;
```

ஒரு வரி பதிவானால் மட்டும் அனுப்ப வேண்டும். நடுவில் சர்வர் விழுந்தால் ஒரு நினைவூட்டல் போகாமலே போகும். இரண்டு முறை போவதைவிட அது மேல். சாவி கார்ட் எண்ணாக இல்லாமல் வாடிக்கையாளர் எண்ணாக இருப்பதைக் கவனியுங்கள். போனில் ஒரு கார்ட், லேப்டாப்பில் ஒரு கார்ட் வைத்திருப்பவரும் ஒரே ஆள்தானே.

சம்மதத்தில் இரண்டு வழிக்கும் ஒரே சட்டம்தான். டெலிவரிக்காகக் கொடுத்த நம்பர், நினைவூட்டலுக்கான அனுமதி ஆகாது. தனி டிக் பெட்டி வேண்டும், அதை நாமே டிக் செய்து வைக்கக் கூடாது. கொடுத்த அளவுக்கே எளிதாகச் சம்மதத்தைத் திரும்பப் பெற வழி வேண்டும் என்கிறது 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம். வாட்ஸ்அப்பும் கார்ட் நினைவூட்டலை மார்க்கெட்டிங் வகையில்தான் வைக்கிறது.

நாளுக்குச் சில நூறு கார்ட் வரும் கடை என்றால் நான் கிரானைத்தான் வைப்பேன். அரை மணி நேரச் சலுகை விற்பனை நடத்துபவர்களுக்கு மட்டும் டைமர், அதுவும் அதே UNIQUE பூட்டோடு.