யிட்ரியா சேர்த்த ஜிர்கோனியா: ஆக்சிஜன் காலியிடமா, யிட்ரியம் இடைச்செருகலா?

Y₂O₃-ஐ ZrO₂-க்குள் கரைத்தால் குறைபாட்டு வினையை இரண்டு விதமாக எழுதலாம்.

```
அ) Y2O3 → 2Y_Zr' + V_O•• + 3O_O×
ஆ) 2Y2O3 → 3Y_Zr' + Y_i••• + 6O_O×
```

மின்சுமை: அ-வில் −2, +2. ஆ-வில் −3, +3. இரண்டும் சரி.

இட விகிதம்: அ-வில் ஜிர்கோனியம் இடம் 2, ஆக்சிஜன் இடம் 4. காலியிடமும் ஓர் இடம்தான். பலர் சறுக்குவது இங்கேதான். ஆ-வில் 3, 6. இடைச்செருகலை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஆக, காகிதத்தில் இரண்டும் தேறுகின்றன. தீர்ப்பு சொல்வது அடர்த்திதான். அலகுக்கூட்டின் அளவை எக்ஸ்-கதிரால் அறிந்து கணக்கிட்டால், ஆ-வுக்கு அதிக அடர்த்தி வரும். அளந்த மதிப்பு அ-வோடு ஒத்துப்போகிறது.

8 மோல்% யிட்ரியாவில் 216 ஆக்சிஜன் இடங்களுக்கு 8 காலி. சூட்டில் ஆக்சிஜன் அயனி தாவுவது அவற்றின் வழியாகத்தான். எனவே எரிபொருள் கலக் கணக்குக்கு அ-வை எழுதுங்கள். ஆ விகிதப் பயிற்சிக்கு உதவும்.