ஆளில்லாத ஐந்து ரதம்: லாங் எக்ஸ்போஷரா, மீடியனா, மாஸ்க்கா?

மாமல்லபுரம் ஐந்து ரதத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் ஆள். ஆனால் பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். திரௌபதி ரதத்தின் முன்னால் கொஞ்ச நேரம் யாரும் இருக்க மாட்டார்கள், அப்போது பீம ரதத்தின் முன்னால் ஒரு குடும்பமே நிற்கும். அவர்கள் நகரும்போது அர்ஜுன ரதத்துப் படியில் ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு இடமும் தனித்தனியாகக் காலியாகிறது, மொத்தமும் ஒரே நேரத்தில் காலியாவதில்லை.

இந்த இடத்தை ஆளில்லாமல் படமாக்க மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் இதே இடத்தில் முயன்றிருக்கிறேன். ஒரு இடம் எவ்வளவு நேரம் காலியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வழியும் கேட்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் லாங் எக்ஸ்போஷர். லென்ஸ் முன்னால் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு என்.டி. ஃபில்டரை மாட்டி ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைப்பது. நல்ல வெயிலில் எஃப்/16, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் 1/125 நொடி வரும். வெளிச்சத்தைப் பத்து முறை பாதியாக்கும் 10 ஸ்டாப் ஃபில்டர் போட்டால் அது ஏறக்குறைய 8 நொடி ஆகும். எட்டு நொடியில் நடந்து போகிறவர் மறைவார், செல்ஃபிக்கு நிற்கிறவர் மறைய மாட்டார். 15 ஸ்டாப் போட்டால் நாலு நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். அதிலும் ஒருவர் ஒரு நிமிடம் நின்றுவிட்டால் படத்தில் கால் பங்கு ஆவியாகத் தெரிவார். வெள்ளை வேட்டி கட்டியவர் என்றால் நிழலில் இருக்கும் கல்லின் மேல் இன்னும் பளிச்சென்று தெரிவார். அதாவது, கிட்டத்தட்ட முழு நேரமும் இடம் காலியாக இருந்தால்தான் இந்த வழி சரிவரும். அதோடு ட்ரைபாட் இல்லாமல் நடக்காது. தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும் என்பதால், சாதாரணமாகப் போய் வருகிறவருக்கு இந்தக் கதவு பாதி மூடியதுதான்.

அடுத்தது மீடியன். ஒரே காட்சியைப் பல படமாக எடுத்து, ஒவ்வொரு பிக்சலிலும் வந்த வெளிச்ச அளவு எண்களை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை மட்டும் எடுத்துக்கொள்வது. பீம ரதத்துச் சுவரில் ஒரு புள்ளியை ஒன்பது படத்தில் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். ஆறு படத்தில் கல் தெரிகிறது: 141, 142, 140, 143, 142, 141. இரண்டில் கறுப்புச் சட்டை மறைக்கிறது: 40, 38. ஒன்றில் வெள்ளைத் தொப்பி: 225. சராசரி எடுத்தால் 128, அதாவது சுவரில் ஒரு மங்கல் கறை. லாங் எக்ஸ்போஷர் செய்வதும் இந்தச் சராசரிதான். வரிசைப்படுத்தி ஐந்தாவதை எடுத்தால் 141, சுத்தமான கல். சட்டையும் தொப்பியும் இரண்டு ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டன, அவற்றின் சாயல்கூட ஒட்டவில்லை. சராசரியையும் மீடியனையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. படத்தில் ஆவி தெரிவதும் தெரியாததும் இந்த ஒரு இடத்தில்தான் முடிவாகிறது.

மீடியன் கேட்பது பாதிக்கு மேல். 15 படம் எடுத்தால் ஒவ்வொரு புள்ளியும் 8 படத்திலாவது காலியாக இருக்க வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பர்ஸ்ட் மோடில் இரண்டு நொடியில் 15 படம் எடுத்துவிட்டு ஆள் அப்படியே இருக்கிறார் என்பார்கள். இரண்டு நொடியில் அவர் எங்கே போவார்? எண்ணிக்கையை விட இடைவெளிதான் முக்கியம். நான் 25 நொடிக்கு ஒரு படம் என்று ஆறு நிமிடத்தில் 15 எடுத்தேன். எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றும் மேனுவல். நடுவில் ஒரு மேகம் வெயிலை மறைத்தது. அப்போது எடுத்த இரண்டு படங்களைக் கழித்துவிட்டு 13-ஐ மட்டும் வைத்துக்கொண்டேன். அப்புறம் தேவை 7.

ட்ரைபாட் இல்லாமலே எடுக்கலாம், மென்பொருள் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திவிடும். ஆனால் கால் நகரக் கூடாது. கேமரா கொஞ்சம் சாய்வதைச் சரிசெய்ய முடியும், ஓரடி தள்ளி நின்று எடுத்ததைச் சரிசெய்ய முடியாது. முன்னால் இருக்கும் கல் யானையும் பின்னால் இருக்கும் ரதமும் ஒன்றுக்கொன்று விலகிவிடும். யானையின் விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

போட்டோஷாப்பில் `File > Scripts > Statistics` போய் `Median` தேர்ந்தெடுத்து, `Attempt to Automatically Align Source Images` டிக் செய்தால் போதும். காசில்லாமல் செய்ய, ஹுகின், இமேஜ்மேஜிக் இரண்டும் இருந்தால் இந்த இரண்டு வரி:

```
align_image_stack -m -C -a al_ *.JPG
magick al_*.tif -evaluate-sequence median ratham.tif
```

முடிவைத் திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் தரையைப் பாருங்கள். ஆள் மறைந்து அவருடைய செருப்போ நிழலோ மட்டும் மிஞ்சியிருக்கும், ஏனென்றால் ஆட்கள் அசையும்போதும் கால் அதே இடத்தில் ஊன்றியிருக்கும். எனக்கு யானையின் தும்பிக்கை பக்கத்தில் ஒரு சிவப்புத் துணுக்கு மிஞ்சியது. தும்பிக்கையைத் தொட்டபடி படம் எடுத்துக்கொள்ள வரிசையாக ஆள் வந்துகொண்டே இருந்தார்கள், ஆள் மாறினாலும் இடம் மாறவில்லை. 13-ல் எட்டில் யாரோ ஒருவர் அங்கே இருந்திருக்கிறார். மரத்து இலைகளும் காற்றில் ஆடியதால் பஞ்சு மாதிரி ஆகியிருந்தன. மீடியனுக்கு இலையும் ஆளும் ஒன்றுதான்.

மூன்றாவது வழி, லேயர் மாஸ்க். இரண்டு மூன்று படங்களை அடுக்கி, ஆள் இருக்கும் இடத்தைக் கையால் அழித்துக் கீழே இருக்கும் படத்தைத் தெரியவைப்பது. இது கேட்பது ஒரே ஒரு படம்தான். அந்த இடம் எப்போதாவது ஒரு நொடி காலியாக இருந்தால் போதும். ஆனால் கூட்டம் பரவலாக இருந்தால் நாற்பது பேரை ஒவ்வொருவராகத் துடைக்க வேண்டும், மாலை முழுக்க அதிலேயே போய்விடும். குளோன் ஸ்டாம்பால் பக்கத்துக் கல்லை எடுத்து ஒட்டுவதை நான் இதோடு சேர்க்கவில்லை. அர்ஜுன ரதத்துச் சுவரில் சிற்பம் இருக்கிறது. மறைந்த இடத்தில் பல்லவச் சிற்பி செதுக்காத ஒன்றை ஒட்டினால், அது அந்த ரதத்தின் படம் ஆகாது.

ஆகவே நான் போகிற வரிசை: முதலில் மீடியன், மிஞ்சியதற்கு மாஸ்க். மீடியன் படத்தைக் கீழே வைத்து, தும்பிக்கை காலியாக இருந்த ஒரு படத்தை மேலே போட்டு, அந்த உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் தெரியவைத்தேன். எக்ஸ்போஷர் மாறாததால் ஒட்டிய தடம் தெரியவில்லை. இலைகளுக்கும் இதே வைத்தியம்தான், ஏதாவது ஒரு படத்திலிருந்து மரத்தை முழுசாக எடுத்துக்கொள்வது.

கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டைக்கு மட்டும் இந்த வரிசை மாறும். பாறைக்கு அடியில் நின்று அதைத் தாங்குவது போலவும் தள்ளுவது போலவும் படம் எடுக்காமல் யாரும் போவதில்லை. எத்தனை படம் எடுத்தாலும் பாதிக்கு மேல் அங்கே ஒரு ஜோடிக் கை இருக்கும். அன்றைக்கு நான் எடுத்த 21 படங்களை மீடியனில் போட்டபோது, சரிவில் நடந்தவர்கள் எல்லாரும் மறைந்து, பாறையின் அடியில் மட்டும் பல பேருடைய கைகளும் தலைகளும் கலந்த ஒரு பழுப்பு உருவம் நின்றது. அதற்கப்புறம் அங்கே நான் இத்தனை நொடிக்கு ஒரு படம் என்ற கணக்கை மட்டும் நம்பி எடுப்பதில்லை. ஒரு கூட்டம் விலகி அடுத்தது ஏறுவதற்குள் வருகிற ஒன்றிரண்டு நொடிக்காக விரலை ஷட்டரில் வைத்துக் காத்திருக்கிறேன். அந்த ஒரு படத்தின் பாறையடி, மற்ற 20 படத்தின் மீடியன் சரிவு, நடுவில் ஒரு மாஸ்க்.