கடிக்கிற பிள்ளைக்கு எந்தப் பொம்மை?

நகரியில் எங்கள் வீட்டுப் பையனுக்கு ஒன்றேகால் வயது. கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். மரம், சிலிக்கான், கெட்டி பிளாஸ்டிக் மூன்றையும் கடித்துப் பார்த்துவிட்டான்.

சிலிக்கான் வளையம் பல் முளைக்கும்போது நல்ல துணை. வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்கலாம், சாயமும் போகாது. ஆனால் கடைவாய்ப் பல் வந்ததும் துண்டாகக் கடித்தெடுத்துவிடுவார்கள். வாரம் ஒருமுறை இழுத்துப் பார்த்து, கீறல் தெரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கெட்டி பிளாஸ்டிக்கில் நிறம் உள்ளேயே கலந்திருப்பதால் உரிந்து வர எதுவும் இல்லை. ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். 2021 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். உடைந்தால் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், அதுதான் குறை. அமுக்கினால் கீச்சென்று கத்தும் மெத்து பொம்மை வேறு ரகம். அது பெரும்பாலும் பிவிசி, மெத்தென்றிருக்க ரசாயனம் சேர்த்தது. முத்திரை இல்லாவிட்டால் வேண்டாம்.

நான் ஏமாந்தது மரத்தில்தான். மரம் என்றாலே பத்திரம் என்று நினைத்து, பரணில் கிடந்த நடைவண்டியை இறக்கினோம். ஒரு மாதத்தில் கைப்பிடியில் மஞ்சள் எனாமல் நாலு பல் அகலத்துக்கு உரிந்துவிட்டது. அடியில் பச்சை, அதற்கும் அடியில்தான் மரம். கேட்டுக்குப் பூசி மிஞ்சியதை யாரோ அடித்திருக்கிறார்கள். "நாங்கெல்லாம் இதைக் கடிச்சுத்தானே வளர்ந்தோம்," என்றார் அத்தை. சரி, ஆனால் பழைய மஞ்சள், ஆரஞ்சு எனாமலில் நிறத்துக்காகவே ஈயக் குரோமேட் சேர்ப்பது வழக்கம். வீட்டு பெயின்டில் கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். விழுங்கிய ஈயத்தைக் குழந்தையின் உடல் நம்மைவிடப் பல மடங்கு உறிஞ்சும்; வெளியே அறிகுறி தெரியாது. அதனால் டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் ஈயப் பரிசோதனை செய்தோம். நல்லவேளை, பயப்படும் அளவுக்கு இல்லை.

ஈரத்துணியில் தேய்த்துச் சாயம் ஒட்டவில்லை என்றால் நல்ல பெயின்ட் என்பார்கள். அது தப்பு. ஈயம் கலந்த எனாமலும் துணியில் ஒட்டாமல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வீட்டிலேயே உப்புத்தாளால் சுரண்டினால் ஈயத்தூள் தரையெங்கும் பரவி, தவழும் பிள்ளையின் கைக்குப் போகும்.

சாயம் பூசிய மரம்தான் வேண்டும் என்றால் நம் ஆந்திராவின் ஏட்டிகொப்பாக்கா அரக்குப் பொம்மைகள் இருக்கின்றன. கடைசலில் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்த, அந்தச் சூட்டில் உருகிப் பிடிப்பது அந்தப் பூச்சு. இலை, வேர், விதைச் சாயம்தானா என்று செய்தவரிடமே கேட்டு வாங்கலாம். சானிடைசர் போட்டுத் துடைக்காதீர்கள், ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். கொதிக்க வைக்கவும் கூடாது.

பழைய வண்டி பரணுக்கே போய்விட்டது. ஆசாரி வேப்பமரத்தில் புதிதாக ஒன்று இழைத்துக் கொடுத்தார். பெயின்ட் கிடையாது, தேங்காய் எண்ணெய் மட்டும். நனைத்துக் கழுவாமல் துடைத்து நிழலில் காய வைக்கிறோம். அதையும் கடிக்கிறான், பல் தடம்தான் விழுகிறது.