“இயக்கப்படவில்லை” என்று எழுதுவதா, “இயக்கவில்லை” என்று எழுதுவதா?

யாழ்ப்பாணத்தில் ஒரு மீன் குளிர் அறையில் இரவு கரண்ட் போய், காலையில் பார்த்தால் பெட்டியெல்லாம் உருகி நீர் ஓடுகிறது. அறிக்கையில் முதலில் எழுதியது: “ஜெனரேட்டர் இயக்கப்படவில்லை.” செயப்பாட்டுவினை. மரியாதையாக இருக்கிறது, சரி, ஆனால் யார் இயக்கவில்லை? ஆளைச் சொல்லாததால் அன்றிரவு கடமையில் நின்ற எல்லாரிலும் சந்தேகம் விழும், அது இன்னும் மோசம்.

மேலதிகாரி செய்வினையில் மாற்றினார்: “இரவுக் காவலர் கவனக்குறைவாக ஜெனரேட்டரை இயக்காமல் விட்டுவிட்டார்.” இப்போது ஆள் தெரிகிறது, கூடவே தீர்ப்பும் வந்துவிட்டது. பலர் இதைப் பார்த்துத்தான் செய்வினைக்குப் பயப்படுகிறார்கள், ஆனால் குற்றம் சாட்டுவது செய்வினை அல்ல, “கவனக்குறைவாக”வும் “விட்டுவிட்டார்” என்ற துணைவினையும்தான். அவற்றை நீக்கிவிட்டு, நடந்ததை மட்டும் நேரத்தோடு எழுதிப் பாருங்கள்:

“11.40க்கு மின்சாரம் நின்றது. 11.50க்கு இரவுக் காவலர் ஜெனரேட்டரை இயக்க முயன்றார். தாங்கியில் டீசல் இருக்கவில்லை. டீசல் நிரப்பும் பொறுப்பு கடமைப்பட்டியலில் எவருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.”

முதல் வடிவம் மறைத்ததும் இரண்டாவது வடிவம் தவறவிட்டதும் இங்கேதான் வெளியே வருகிறது, மனிதன் முயன்றிருக்கிறான்! கடைசி வரியில் செயப்பாட்டுவினை பொருந்துகிறது, ஏனென்றால் அங்கே குறை இருப்பது கடமைப்பட்டியலில். பட்டியலைத் தயாரித்தவர் யார் என்று தெரிந்தால் அதையும் பதவியோடு செய்வினையில் எழுதுங்கள், காவலரை மட்டும் செய்வினையிலும் மேலதிகாரியைச் செயப்பாட்டுவினையிலும் எழுதினால் வாசிப்பவர் உடனே பிடித்துவிடுவார். “பழுதான மீன் காலை 7 மணிக்கு அகற்றப்பட்டது” போன்ற வரிக்கு ஆள் தேவையில்லை.