பக்கத்துத் தெருவரைதான் போகிறோம், தலையில் எது? ஐந்து வழக்கங்கள், ஒரே விழுகை

எழுநூறு மீட்டர் போய்த் திரும்ப வண்டியை எடுப்பவரின் தலையைப் பார்த்தால் ஐந்து வழக்கங்களில் ஒன்று கண்ணில் படும். ஒன்றும் போடாத வெறுந்தலை. ஹெல்மெட் இருக்கும், ஆனால் தாடைப்பட்டை மாட்டியிருக்காது. காதுக்கு மேலேயே நின்றுவிடும் தொப்பி ஹெல்மெட். காதையும் பின்மண்டையையும் மூடி, முகத்தை மட்டும் திறந்துவைக்கும் ஹெல்மெட். தாடைவரை மூடும் முழுமுக ஹெல்மெட். நெடுந்தூரப் பயணத்துக்கு எது நல்லது என்று கேட்டால் யாரும் பெரிதாக வாதாடுவதில்லை. குறுந்தூரம் என்றதும்தான் ஆளுக்கொரு நியாயம் சொல்கிறோம். அதனால் ஐந்தையும் ஒரே விபத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

விபத்து பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்கூட்டர் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. திருப்பத்தில் கொஞ்சம் மணல் கிடக்கிறது. முன்சக்கரம் நழுவி வண்டி பக்கவாட்டில் சரிகிறது, கையை ஊன்றுவதற்கு நேரமில்லை. ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்திலிருந்து அது தார்ச்சாலையில் விழுகிறது.

1.5 மீட்டரிலிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது நொடிக்கு 5.4 மீட்டர் வேகம் எடுத்திருக்கும். அதாவது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் வண்டியின் வேகமும் வரவில்லை, போகும் தூரமும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தலை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பது மட்டுமே வருகிறது. "மெதுவாகத்தானே போகிறேன்" என்பவரும் நெடுஞ்சாலையில் போகிறவரும் ஒரே உயரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். வேகம் கூடினால் சறுக்கும் தூரமும், வழியில் கம்பத்திலோ நடைபாதை விளிம்பிலோ மோதும் ஆபத்தும் கூடும். ஆனால் அவை எல்லாம் இந்த முதல் அடிக்கு மேல் சேர்பவை.

இனி ஒவ்வொன்றாக வருவோம். வெறுந்தலை தரையில் பட்டால் அது நிற்பதற்குக் கிடைக்கும் இடம் சில மில்லிமீட்டர்தான். தோலும் அதன் கீழுள்ள சதையும் நசுங்கும் அளவு அது. 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால், தலையின் மேல் வரும் சராசரி விசை புவியீர்ப்பைப்போல் எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். 1500-ஐ 5-ஆல் வகுத்தால் 300 மடங்கு. ஹெல்மெட்டுக்குள் தெர்மாகோல் போன்ற ஒரு கெட்டியான நுரை அடுக்கு இருக்கிறதல்லவா, அதன் வேலை நசுங்குவதுதான். அது 20 மில்லிமீட்டர் நசுங்கினால் 1500-ஐ 20-ஆல் வகுக்க வேண்டும். 75 மடங்கு வருகிறது. அடியின் உச்சம் இரண்டிலுமே சராசரியைவிட மேலே போகும். ஆனாலும் நான்கில் ஒரு பங்காகக் குறைத்தது அந்த இரண்டு சென்டிமீட்டர் நுரைதான். வெளியே பளபளக்கும் ஓடு அந்த அடியைக் கொஞ்சம் பரப்பிக் கொடுக்கிறது, தலை சாலையில் உரசாமல் வழுக்கவிடுகிறது. உயிரைக் காப்பதில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் நுரைக்குத்தான்.

இது கணக்கு. அனுபவத்தில் பார்த்தது என்ன? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, இருசக்கர ஹெல்மெட்டைப் பற்றிய 61 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வு 2008-இல் வந்தது. விபத்தில் சிக்கியவர்களிடையே ஹெல்மெட் மரண ஆபத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்பது அதன் முடிவு. நூறு சதவீதம் இல்லை. மார்பிலும் வயிற்றிலும் விழும் அடியை ஹெல்மெட் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டுக்குப் பக்கத்தில் என்ன ஆகிவிடும் என்ற வாதத்துக்கும் பதில் பழையதுதான். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து ஆய்வாளர் ஹாரி ஹர்ட்டின் குழு 1981-இல் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான விபத்துகள் கடைக்கும் நண்பர் வீட்டுக்கும் போவது போன்ற சிறு பயணங்களில், கிளம்பிய சிறிது நேரத்திலேயே நடந்தன என்று சொல்கிறது. மோதலின்போது இருந்த வேகத்தின் நடுமதிப்பு மணிக்கு 35 கிலோமீட்டர் அளவில்தான் இருந்தது.

டி. இ. லாரன்ஸின் கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரேபியாவின் லாரன்ஸ் என்று உலகம் அறிந்தவர், வேகமான பைக்குகளை நேசித்து ஓட்டியவர். 1935 மே 13 அன்று அவர் போனது அஞ்சல் நிலையத்துக்கு, ஒரு தந்தி கொடுப்பதற்காக. திரும்பும் வழியில், இங்கிலாந்தின் டார்செட் பகுதியிலிருந்த தன் வீட்டை நெருங்கும் நேரத்தில், சைக்கிளில் போன இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமல் விலகப் பார்த்துத் தூக்கி எறியப்பட்டார். தலையில் ஒன்றுமில்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமலே கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான மூளை அறுவை நிபுணர் ஹ்யூ கேர்ன்ஸ், பைக் ஓட்டுபவர்களின் தலைக்காயத்தை ஆராய்ந்து ஹெல்மெட்டின் பயனை 1941-இல் எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. இந்த வரலாற்றின் தொடக்கத்தில் இருப்பது ஒரு குறுந்தூரப் பயணம்.

அடுத்தது பட்டை மாட்டாத ஹெல்மெட். என்னை அதிகம் வருத்துவது இதுதான், ஏனென்றால் இவர் பாதி வேலையைச் செய்துவிட்டவர். நம் மணல் திருப்பத்தில் முதலில் தரையைத் தொடுவது பெரும்பாலும் இடுப்போ தோளோதான். அந்த உலுக்கலில் உடல் நிற்க, தலை முன்னே வீசப்படுகிறது. பட்டை இல்லாத ஹெல்மெட் அந்த நொடியிலேயே நெற்றிக்கு மேல் சுழன்று கழன்றுவிடலாம். தலை தரைக்கு வரும்போது அது வெறுந்தலை. பட்டை தளர்வாக இருந்தாலும் ஏறக்குறைய இதே கதைதான். சரியாக மாட்டிய பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. மாட்டிய பிறகு ஹெல்மெட்டின் பின்விளிம்பைப் பிடித்து மேலாகவும் முன்னாகவும் இழுத்துப் பாருங்கள். கண்ணை மறைத்துக்கொண்டு கழன்று வந்தால் பட்டை தளர்ந்திருக்கிறது, இல்லையேல் அளவே தவறு. ஹெல்மெட்டைப் பக்கவாட்டில் திருப்பும்போது கன்னத்தின் தோலும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுழன்றால் அது உங்கள் தலைக்குப் பெரியது.

தொப்பி ஹெல்மெட்டைக் குறுந்தூரத்துக்கென்றே வாங்குபவர்கள் உண்டு. எடை குறைவு, காற்றோட்டம், தலைமுடி கலையாது. ஆனால் நாம் பார்த்த விழுகையில் தலை பக்கவாட்டில் சாய்கிறது. அடி விழக்கூடிய இடம் காதுக்கு மேலே உள்ள நெற்றிப்பொட்டு, காதைச் சுற்றிய பகுதி, அல்லது பின்மண்டையின் கீழ்ப்பாதி. தொப்பி முடிவதும் அங்கேதான். இந்த வகையில் நுரையே இல்லாமல் மெல்லிய பஞ்சும் துணியும் ஒட்டி விற்பவையும் நிறைய இருக்கின்றன. உள்துணியை விலக்கி விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியான, விரல் தடிமன் உள்ள நுரை தட்டுப்படவில்லை என்றால் நிறுத்தும் தூரமே அங்கு இல்லை. கட்டடத் தொழிலாளரின் தொப்பியும் சைக்கிள் ஹெல்மெட்டும் வேறு வகை அடிகளுக்குச் செய்யப்பட்டவை. பைக்குக்கு அவை மாற்றாகாது.

உண்மையான போட்டி முகம் திறந்ததற்கும் முழுமுகத்துக்கும் இடையில்தான்.

நம் விபத்தில், தலை பக்கவாட்டில் விழும்வரை, இரண்டும் ஏறக்குறைய ஒரே பாதுகாப்பைத் தரும். வண்டி நழுவாமல், திடீரென்று குறுக்கே வந்த ஒன்றின் மேல் மோதி நின்றால் நிலைமை மாறுகிறது. உடல் முன்னோக்கிப் போகிறது, முகம் முதலில் படுகிறது. முழுமுக ஹெல்மெட்டின் தாடைக்காப்பு அந்த அடியை வாங்கிக்கொள்ளும். முகம் திறந்ததில் பல்லும் தாடையெலும்பும் வாங்கும். தாடையில் விழும் பலமான அடி மண்டையின் அடிப்பகுதிவரை போய் முறிவை உண்டாக்கலாம் என்பதால் இது முகத் தழும்போடு முடிகிற விஷயமும் இல்லை. பாதுகாப்பை மட்டும் வைத்து மதிப்பிட்டால் முழுமுகம் வெல்கிறது.

முழுமுகத்தின் மேல் சொல்லப்படும் குறைகளில் சில நியாயமானவை. வெயிலில் புழுக்கம் உண்டு. மழையில் வைசரில் ஆவி படரும். மெதுவாகப் போகும்போது வைசரை ஒரு விரல் அளவு திறந்துவைத்தால் அது குறையும். மூக்குக்கண்ணாடி போடுபவர் அதைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டியிருக்கும். பக்கவாட்டுப் பார்வை மறைகிறது என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஐரோப்பியத் தரமும் அமெரிக்கத் தரமும் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 105 பாகை பார்வை திறந்திருக்க வேண்டும் என்கின்றன. கழுத்தைத் திருப்பாமல் பார்க்கும் கண்ணுக்கு அது போதும். உங்கள் ஹெல்மெட்டில் ஓரம் மறைகிறது என்றால் அளவு தவறியிருக்கலாம்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். ஐரோப்பியத் தரத்தின் சோதனையில் ஹெல்மெட்டை நொடிக்கு 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில்தானே இரும்புப் பாளத்தில் போடுகிறார்கள், 60-இல் போகும்போது அது எதற்கு உதவும் என்று. அந்த 27 என்பது தலை தரையை மோதும் வேகம், வண்டியின் வேகம் அல்ல. அது கிட்டத்தட்ட 2.9 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 1.5 மீட்டர் கணக்கோடு ஒப்பிட்டால் குறுந்தூரச் சறுக்கலுக்கு அது தாராளமாகப் போதும். 60-இல் போய் நேராகச் சுவரில் தலை மோதினால் போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் குறுந்தூரத்துக்கு எது? வீட்டில் ஒரே ஹெல்மெட்தான் என்றால் முழுமுகம். ஆனால் அதை மாட்டும் சிரமத்தாலேயே பத்துக்கு நான்கு தடவை வெறுந்தலையாகக் கிளம்புகிறவராக நீங்கள் இருந்தால், தரமான முகம் திறந்த ஹெல்மெட் ஒன்றைக் கூடுதலாக வாங்கிவையுங்கள் என்றே சொல்வேன். பட்டை மாட்டிய முகம் திறந்த ஹெல்மெட், பட்டை மாட்டாத முழுமுகத்தைவிட மேல். வெறுந்தலையோடு அதை ஒப்பிடவே வேண்டியதில்லை. பட்டைக்கு இரட்டை வளையத்துக்குப் பதில் பல்வரிசையில் சொடுக்கி மாட்டும் கொக்கி இருந்தால் கையுறையோடும் ஒரு நொடியில் மாட்டலாம். குறுந்தூரத்தில் அந்த ஒரு வசதி பெரிய வித்தியாசம் செய்கிறது. மாட்டும்போது சொடுக்கு ஒலி கேட்க வேண்டும், பிறகு ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும்.

வைக்கும் இடமும் முக்கியம். அலமாரிக்குள் இருக்கும் ஹெல்மெட் குறுந்தூரத்துக்கு வெளியே வராது. வண்டிச் சாவியை அதற்குள்ளேயே போட்டுவைத்தால், சாவியை எடுக்கக் கை போகும் இடத்தில் ஹெல்மெட்டும் இருக்கும். வண்டியின் கண்ணாடியில் மாட்டித் தொங்கவிடாதீர்கள். கண்ணாடியின் முனை உள்நுரையில் குழி போடும், ஒருமுறை நசுங்கிய நுரை மறுபடி எழும்பாது. பெட்ரோல் ஆவியும் அதைக் கெடுக்கும்.

பின்னால் உட்காருபவரின் தலையும் ஏறக்குறைய அதே 1.5 மீட்டரில்தான் இருக்கிறது, சில வண்டிகளில் இருக்கை உயர்ந்திருப்பதால் இன்னும் கொஞ்சம் மேலே. அவருக்கு முன்கூட்டியே தெரியாது, பிரேக் பிடிப்பதும் அவர் இல்லை. குழந்தையை ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போகும்போது வாங்கவேண்டிய இரண்டாவது ஹெல்மெட் அந்தக் குழந்தையின் தலை அளவுக்கு இருக்க வேண்டும். புருவத்துக்குச் சற்று மேலே நாடாவால் சுற்றி அளந்து வாங்குங்கள். பெரியவருடையதைப் போட்டுவிட்டால், பின்விளிம்பை இழுத்துப் பார்க்கும் சோதனையில் அது முதல் இழுப்பிலேயே கையோடு வந்துவிடும்.