சிறந்த ஊழியர் விருது: மூன்று வருஷம் நடத்தியபின் நாங்கள் மாற்றிய விதிகள்

கோவையில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை பார்க்கிறேன், சுமார் 180 பேர் இருக்கிறோம். 2021 கடைசியில் தொடங்கிய பாராட்டுத் திட்டத்தின் விதிகள் இப்போதுதான் ஒரு நிலைக்கு வந்திருக்கின்றன. இதே மாதிரி தொடங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் வருஷத்தில் விதி ரொம்பச் சின்னது. சூப்பர்வைசர் பெயர் கொடுப்பார், மாதம் இரண்டு பேருக்குத் தலா 2,000 ரூபாய் ரொக்கம், கேன்டீன் வாசலில் போட்டோ. வருஷக் கடைசியில் பட்டியலை எடுத்து எண்ணினேன். 24 விருதில் 21 பகல் ஷிப்டுக்கே போயிருந்தது. எங்கள் ஆட்களில் மூன்றில் ஒரு பங்கு ராத்திரி ஷிப்ட்! யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, சூப்பர்வைசர் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார், அவர் கண்ணில் பட்டது பகல் வேலைதான். ஆனால் ராத்திரி ஆட்களுக்கு அது ஓரவஞ்சனையாகத்தான் தெரிந்தது, அவர்கள் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை.

அதனால் பெயர் கொடுக்கும் உரிமையை எல்லோருக்கும் திறந்துவிட்டோம். தன் பெயரை மட்டும் தானே கொடுக்கக் கூடாது. படிவத்தில் மூன்றே கேள்வி: என்ன செய்தார், எந்தத் தேதி எந்த ஷிப்ட், அது எந்தப் பதிவில் இருக்கிறது. 'பணிவானவர், நன்றாக உழைப்பவர்' என்று வரும் படிவத்தை அப்படியே திருப்பிவிடுகிறோம். ஏற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன். டெஸ்டிங்கில் இருந்த ஒருவர், ஒரு ஹெச்.பி. பம்புகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆம்பியர் இழுப்பதைக் கவனித்து, 40 பம்பைப் பேக்கிங்குக்கு விடாமல் நிறுத்தினார். பிரித்துப் பார்த்தால், ஷாஃப்ட் சுற்றும் புஷ் டைட்டாக இருந்தது. ராத்திரி ஷிப்டில் நடந்தது, பெயர் கொடுத்தது பக்கத்து பெஞ்சில் இருந்த ஹெல்பர். பழைய விதியில் இது வெளியே வந்தே இருக்காது.

தகுதி விதியில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு லேத்தின் ஸ்பிண்டில் பேரிங் போனதை மாற்றிக் கொடுத்த ஃபிட்டருக்கு விருது கொடுத்தோம், சரியான விருதுதான். மறுநாள் வயதான ஒரு ஃபிட்டர் என்னிடம் வந்து, "சார், என் மிஷின் நிக்கவே இல்ல, அதனால எனக்கு ஒண்ணும் கிடையாதா?" என்றார். அவருடைய கிரீஸ் சார்ட்டை எடுத்துப் பார்த்தேன், ஒரு வாரம்கூட விடுபடவில்லை. கெட்டதைச் சரி செய்தவர் கண்ணுக்குத் தெரிகிறார், கெடாமல் பார்த்துக்கொண்டவர் தெரிவதில்லை. அன்றிலிருந்து மாதத்தின் இரண்டு விருதில் ஒன்று சம்பவத்துக்கு, இன்னொன்று மூன்று மாதப் பதிவுக்கு, அதாவது மிஷின் நின்ற நேரம், ரிஜெக்‌ஷன் எண்ணிக்கை இரண்டையும் பார்த்து.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. பதிவுக்கு விருது என்றதும் சின்னச் சின்ன பிரேக்டவுனை லாக் புக்கில் எழுதாமல் விட ஆரம்பித்தார்கள். மிஷின் கவுண்டரில் பீஸ் குறைந்திருக்கும், லாக் புக்கில் நிறுத்தமே இருக்காது. இப்போது இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாவிட்டால் அந்த மாதத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பரிசு பற்றிச் சுருக்கமாக. ரொக்கம் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். நாங்கள் மாற்றிய சமயத்தில், பொருளாகவோ வவுச்சராகவோ கொடுத்தால் வருஷத்துக்கு மொத்தம் 5,000 ரூபாய்க்குள் இருக்கும்வரை வரி இல்லை. தீபாவளிக்குக் கொடுக்கும் பாத்திரமும் அந்த மொத்தத்தில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதனால் 2,000 ரூபாய் வவுச்சர், ஒருவருக்கு வருஷத்தில் அதிகபட்சம் இரண்டு முறை என்று வைத்தோம். நீங்கள் தொடங்கும்போது நடப்பு வரம்பை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்வுக் குழுவில் ஐந்து பேர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். தன் துறை ஆளோ சொந்தக்காரரோ பட்டியலில் இருந்தால் அந்தப் பேச்சின்போது வெளியே போய்விட வேண்டும். படிவத்தில் பெயரை மறைத்துக் குழுவிடம் கொடுத்தும் பார்த்தோம், பலன் இல்லை. 180 பேர் இருக்கிற இடத்தில் 'டெஸ்டிங், ராத்திரி, 40 பம்ப்' என்றாலே யார் என்று எல்லோருக்கும் தெரியும். உண்மையில் உதவியது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஒரு அட்டவணை: யார், யாருடைய பெயரைக் கொடுத்தார்கள் என்று. இரண்டு துறைகள் மாறி மாறி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டது அதில்தான் பிடிபட்டது. அப்புறம், தகுதியான பெயர் இல்லாத மாதத்தில் விருதே கிடையாது என்றும் எழுதிவைத்தோம், இல்லாவிட்டால் 'இந்த மாசம் உனக்கு, அடுத்த மாசம் எனக்கு' என்று முறை வைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இன்னும் தீராதது கான்ட்ராக்ட் ஆட்கள் விஷயம். அவர்கள் எங்கள் சம்பளப் பட்டியலில் இல்லை என்பதால் வவுச்சர் கொடுக்க அக்கவுண்ட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதைக்குப் படிவத்தில் அவர்கள் பெயரையும் ஏற்றுக்கொண்டு, கடிதமும் போட்டோவும் மட்டும் கொடுக்கிறோம். 40 பம்ப் விஷயத்தில் பெயர் கொடுத்த அந்த ஹெல்பரும் கான்ட்ராக்ட்தான், அவர் பெயரும் போன வருஷம் ஒருமுறை வந்தது.