பிந்தி வருகிறார், முந்திப் போகிறார்: சொல்வதா, விடுவதா?

காலை 8.30க்குத் தொடங்கும் அரச கந்தோருக்கு ஒருவர் ஒன்பதே காலுக்கு வருகிறார். மாலை 4.15 வரை இருக்க வேண்டியவர் மூன்றரைக்கே கைப்பையை எடுக்கிறார். பக்கத்து மேசைக்காரருக்கு வயிறு எரிகிறது. அவருக்கு முன்னால் நான்கு வழிகள் உண்டு: பேசாமல் இருப்பது, பிந்தி வருபவரிடமே கேட்பது, மேலதிகாரியிடம் போவது, பெட்டிசம் போடுவது.

கடைசி வழியை முதலிலேயே கழித்துவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பெயரில்லாத பெட்டிசம் வந்தால், எழுதியது யார் என்று மத்தியானத்துக்குள் கந்தோரே தீர்ப்புச் சொல்லிவிடும். தீர்ப்புப் பிழையாக இருந்தாலும் பகை பகைதான்.

பேசாமல் இருப்பதைக் கோழைத்தனம் என்று நான் நினைப்பதில்லை. நமக்குக் குறுக்கு வழியாகத் தெரிவது சட்டப்படி கிடைத்த சலுகையாக இருக்கலாம். ஐந்து மாதம் நிறைந்த கர்ப்பிணி உத்தியோகத்தர் அரை மணி பிந்தி வந்து அரை மணி முந்திப் போகலாம். பிரசவ லீவு முடிந்து வந்த தாய்க்கு, குழந்தையின் ஆறு மாதம் வரை ஒரு மணி நேரம் முந்திப் போக அனுமதி உண்டு. இவை தவிர மாதத்துக்கு இரண்டு குறுகிய லீவு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி வரை, எல்லோருக்கும் உண்டு. அனுமதி வாங்கியவர் அதை நம்மிடம் வந்து விளக்க வேண்டியதில்லை. அவருடைய நேரம் நம் மேசையைத் தொடாதவரை வாயை மூடிக்கொண்டிருப்பதே முறை. தொடுகிறதா என்பதைக் கண்டுபிடிப்பதும் எளிது. அவர் வந்து போகும் நேரத்தை எழுதாமல், அந்த இடைவெளியில் உங்களிடம் வந்து சேரும் வேலையை இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். தாள் வெறுமையாக இருந்தால் எரிச்சல் மட்டும்தான் உங்களுடையது.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞரின் தாள் வெறுமையாக இருக்கவில்லை. முகாமைத்துவ உதவியாளரான அவர் கருமபீடத்தில் இருந்தார். பக்கத்துக் கருமபீடத்து அக்கா வடமராட்சியிலிருந்து பஸ்ஸில் வருபவர். காலையில் அக்காவைத் தேடி வந்தவர்களுக்கெல்லாம் இவரே பதில் சொன்னார். கோப்பு எந்த அலுமாரியில் என்று தெரியாமல் ஏச்சும் வாங்கினார். போதாததற்கு, 'என் கையொப்பத்தையும் சேர்த்துப் போட்டுவிடு தம்பி' என்று ஒருநாள் தொலைபேசி வந்தது. அவர் மறுத்தார். மறுக்கத்தான் வேண்டும், வரவுப் பதிவேட்டில் இன்னொருவருக்காகக் கையொப்பம் போட்டால், பிந்தி வந்தவரோடு போட்டவரும் ஒழுக்காற்று விசாரணையில் நிற்பார்.

பிறகு தேநீர் நேரத்துக் கூட்டத்தை விட்டு, கருமபீடம் ஓய்ந்த பின் தனியாகக் கேட்டார்: 'அக்கா, காலையில் உங்களைத் தேடி வருகிறவர்களை நான்தான் பார்க்கிறேன். கோப்பு எடுக்கத் தெரியாமல் காக்க வைக்கிறேன். இதற்கு என்ன செய்யலாம்?' மணிக்கூட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 'ஏன் பிந்துகிறீர்கள்' என்று கேட்டிருந்தால் பஸ், படுக்கையில் கிடக்கும் தாய் என்று காரணங்கள் வந்திருக்கும். காரணத்தோடு வாதாட முடியாது. வேலையைப் பற்றிக் கேட்டதால் பதிலும் வேலையைப் பற்றியே வந்தது. காலைக்குரிய கோப்புகளை முதல் நாளே எடுத்து வைப்பதாகவும், மதிய இடைவேளையில் இரண்டு கருமபீடத்தையும் தானே பார்ப்பதாகவும் அக்கா ஒப்புக்கொண்டார்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு குறை உண்டு. அது இருவருக்குள் மட்டும் இருக்கிறது. பொதுமகன் ஒருவர் முறைப்பாடு கொடுத்தால் இந்த ஏற்பாட்டுக்கு எந்தப் பெறுமதியும் இல்லை. அந்த அக்கா மூன்றாம் வாரமே கோப்பு எடுத்து வைப்பதை நிறுத்திவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் நிர்வாக உத்தியோகத்தரின் அறைக்குப் போக வேண்டும், முன்னதாக அல்ல. நம் ஊரில் அவர் அக்காவோடு ஒரே வகுப்பில் படித்தவராகவோ, பெறாமகன் முறையாகவோ இருக்கக் கூடும். 'அவர் பிந்தி வருகிறார்' என்று சொல்வதில் பயனுமில்லை. வரவுப் பதிவேடு ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. அவருக்குத் தெரியாதது, அந்த நேரத்தில் வேலையை யார் செய்கிறார் என்பதுதான். எனவே கேட்க வேண்டியது ஒன்று: காலை 8.30 முதல் 9.15 வரை அந்தக் கருமபீடத்துக்கு யார் பொறுப்பு என்று கடமைப் பட்டியலில் எழுதித் தாருங்கள். இளைஞர் இரண்டு வாரக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தான் கேட்டார்.

அக்காவுக்கு அனுமதி இருக்கிறதா என்று அதிகாரி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதுமில்லை. காலைப் பொறுப்பு இளைஞரின் பெயரில் ஏறியது. அவரிடமிருந்த தபால் பதிவு அக்காவின் மேசைக்குப் போனது. அக்கா இப்போதும் ஒன்பதே காலுக்குத்தான் வருகிறார்.